டியூஷனும் நானே, மார்க்கும் நானே: ஒரு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரின் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் டியூஷனும் எடுத்தேன். அதனால் கீழே இருக்கும் பதில்களில் கொஞ்சம் என் சொந்தக் கணக்கும் வரும்.

ஓசூர், பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை: என் வகுப்புல 38 பேர், அதுல 14 பேர் சாயங்காலம் என்கிட்டயே டியூஷன் வர்றாங்க. மார்க் போடறதுல நான் பாரபட்சம் பார்க்கிறதே இல்லை. அப்புறம் இதுல என்ன தப்பு சார்?

பாரபட்சம் இல்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019 அரையாண்டுத் தேர்வில் ஒரு சந்தேகம் வந்து சோதித்துப் பார்த்தேன்.

வகுப்பில் 42 பேர், அதில் 16 பேர் என் டியூஷன். இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்து விடைத்தாள்களைக் குலுக்கி எடுத்தேன். திருத்துவதற்கு முன்பே நகல் எடுத்து, பெயரை மறைத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்தேன். எது டியூஷன் பிள்ளையுடையது என்று அவருக்குத் தெரியாது. நான் மூலத்தைத் திருத்தினேன், அவர் நகலைத் திருத்தினார், பிறகு இரண்டையும் ஒப்பிட்டோம்.

டியூஷன் வராத பத்துப் பேருக்கு அவரைவிட நான் மொத்தமாக 3 மார்க் கூடப் போட்டிருந்தேன். அதை விட்டுவிடலாம், இரண்டு கை திருத்தினால் அவ்வளவு வித்தியாசம் வரும். டியூஷன் பிள்ளைகள் பத்துப் பேருக்கோ 27 மார்க் கூட. ஆளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால், அதுவும் 70 மார்க் தாளில். பத்துத் தாள் சின்னக் கணக்குதான், ஒன்றிரண்டு தாளே இழுத்துவிட்டிருக்கலாம் என்று பார்த்தேன். பத்தில் எட்டுத் தாளில் நான்தான் கூடப் போட்டிருந்தேன்.

எங்கே கூடியது என்பதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மார்க் கேள்விகளில் வித்தியாசமே இல்லை, அங்கே கை நீள இடமில்லை. கூடிய 27-ல் 19 மார்க் ஐந்து மார்க் கேள்விகளில் வந்தது. வீட்ஸ்டோன் சமனச்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சந்திகளுக்கு மின்னோட்ட விதி, இரண்டு மூடிய சுற்றுகளுக்கு மின்னழுத்த விதி, கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழி என்ற நிபந்தனை, அப்புறம்தான் P/Q = R/S. அந்த நிபந்தனையை எழுதாமலே ஒரு பிள்ளை முடிவுக்குத் தாவியிருந்தாள். முந்தின வாரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைத் தெளிவாகச் சொன்னவள் அவள். 'இவளுக்குத் தெரியும், அவசரத்தில் விட்டுட்டாள்' என்று ஐந்துக்கு ஐந்து போட்டேன். அதே படியை விட்ட வேறொரு பையனுக்கு மூன்றரை. அவனுக்கும் தெரிந்திருக்கலாம், எனக்குத்தான் தெரியாது. தாளில் இல்லாததை நான் என் ஞாபகத்திலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறேன்.

நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். டியூஷன் பிள்ளைகளின் சராசரி கூட இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், கூடுதலாகப் படித்தவர்கள் கூடுதலாக எடுப்பது இயல்புதான். உங்கள் மார்க்குக்கும் பெயர் தெரியாமல் போட்ட மார்க்குக்கும் உள்ள இடைவெளி, இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவா இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதே ஆசிரியை: சரி சார், செய்து பார்க்கிறேன். ஆனா பேரன்ட்ஸ் அவங்களா விரும்பித்தானே சேர்க்கிறாங்க? நான் யாரையும் கூப்பிடலையே.

நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை அம்மா. இன்டர்னல் 10 மார்க் பள்ளியில்தான் போடுகிறார்கள், 20 மார்க் செய்முறையிலும் வெளித்தேர்வாளரோடு பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தான். இதெல்லாம் பெற்றோருக்குத் தெரியும். பொறியியல் கட்ஆஃப் 200-ல் இயற்பியலின் ஒரு மார்க் அரை மார்க்காக எண்ணப்படுகிறது, அந்த அரை மார்க்கில் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். 'சேர்க்காவிட்டால் என்ன ஆகுமோ' என்று வருகிறவரும் விரும்பி வருகிறவர் மாதிரிதான் உங்களிடம் சிரித்துப் பேசுவார்.

எது எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் உண்டு. வகுப்பு மாறி வேறு ஆசிரியர் வந்த வருஷம் உங்கள் டியூஷனில் எத்தனை பேர் தங்கினார்கள்? பிரிவு மாறிய வருஷம் என்னிடம் இருந்த 15 பேரில் நான்கு பேர் மிஞ்சினார்கள். அந்த நால்வர்தான் என் பாடத்துக்கு வந்தவர்கள்.

கிருஷ்ணகிரி, கல்லூரி உதவிப் பேராசிரியர்: இதைப் பெரிசாக்க வேண்டியதில்லை. பேரை மறைச்சு நம்பர் போட்டுத் திருத்தினால் பிரச்சினை முடிந்தது. பொதுத்தேர்விலேயே அதுதானே நடக்குது.

பாதி சரி. பொதுத்தேர்வில் முகப்புத் தாளைக் கிழித்துவிடுகிறார்கள், திருத்துகிறவரும் அந்தப் பிள்ளையை ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் அங்கே அது பலிக்கிறது. 40 பேர் வகுப்பில் இரண்டு வருஷம் நோட்டுத் திருத்திய எனக்குப் பெயரே வேண்டாம். சாய்ந்த கையெழுத்து, ஸ்கேல் வைக்காமல் போட்ட படம், பச்சைப் பேனா அடிக்கோடு போதும். என் கண்ணிலிருந்து பெயரை மறைப்பது எனக்கு நானே ஆடும் கண்ணாமூச்சி. மறைத்த தாள் வேறொருவர் கைக்குப் போனால்தான் பயன்.

இன்னொன்று, பெயரை மறைப்பது திருத்தும் இடத்தை மட்டும்தான் காக்கும். கேள்வித்தாள் தயாரிக்கும் இடத்தை என்ன செய்வீர்கள்? அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

பாலக்கோடு, பிளஸ் டூ மாணவன்: டியூஷன்ல சார் போட்ட கணக்கே அதே நம்பரோட டெஸ்ட்ல வந்துச்சு. நான் டியூஷன் போகலை. யார்கிட்ட சொல்றது, சொன்னா என் இன்டர்னல்ல கை வைப்பாரா?

உன் பயத்தில் நியாயம் இருக்கிறது தம்பி. எழுத்துத் தேர்வுக்காவது விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம். பள்ளியிலேயே முடிந்துபோகிற இன்டர்னலுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

அதனால் மார்க்கைப் பற்றிப் பேசாதே, கேள்வித்தாளைப் பற்றிப் பேசு. டியூஷன் நோட்டில் தேதியோடு அந்தக் கணக்கு இருந்தால், நண்பனிடம் கேட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். நீ தனியாகப் போகாமல் அப்பாவோ அம்மாவோ தலைமையாசிரியரைப் பார்க்கட்டும். 'அடுத்த தேர்வுக்குக் கேள்வித்தாளை வேறு பிரிவு ஆசிரியர் தயாரிக்கட்டும்' என்று மட்டும் கேட்கட்டும். யாரையும் குற்றம் சொல்லாத கோரிக்கை என்பதால் தலைமையாசிரியருக்கும் ஒப்புக்கொள்வது சுலபம்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு: இது பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பதில்லை. டியூஷனுக்குத் தயாரித்த தாள் மேசையில் கிடக்கும், தேர்வுக்கு உட்காரும்போது கை அதையே எடுக்கும். நடந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பேன். மீட்டர் சமனச்சுற்றில் இடது இடைவெளியில் 10 ஓம், சமன்செய் நீளம் 40 செ.மீ. என்றால் வலப்பக்க மின்தடை 15 ஓம். நீளத்தை 35 ஆக்கினால் 18.57 வர வேண்டும். அப்படிக் கேட்டதில் மூன்று பிள்ளைகள் படியே இல்லாமல் 15 என்று எழுதினார்கள். அந்த 15 என் டியூஷன் நோட்டிலிருந்து வந்தது.

காவேரிப்பட்டணம், ஒரு அப்பா: பையனை அவன் வாத்தியார்கிட்டயே டியூஷன் சேர்த்தோம். மார்க் இன்னும் குறைஞ்சுதான் போச்சு. ஃபீஸைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்டுப் பாருங்கள், அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. ஆனால் உங்களை அறியாமல் ஒரு நல்ல செய்தியும் சொல்லியிருக்கிறீர்கள். பணம் வாங்கிய பிறகும் அந்த ஆசிரியர் மார்க்கை ஏற்றவில்லை.

அரூர், ஆசிரியை: டியூஷன் இல்லை சார், என் அக்கா மகளே என் வகுப்புல இருக்கா. யாரும் பேசிடக் கூடாதுன்னு அவளுக்கு ஒரு மார்க் குறைச்சே போடறேன். இது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் நல்ல பெயருக்கு அவள் மார்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். உறவு இருப்பதைத் தலைமையாசிரியருக்கு ஒரு வரி எழுத்தில் கொடுத்துவிட்டு, அவள் தாளையும் செய்முறைப் பதிவேட்டையும் மட்டும் இன்னொருவர் பார்க்கக் கேளுங்கள். அவளிடமும் சொல்லிவிடுங்கள், இத்தனை நாள் குறைந்ததை அவள் கவனித்திருப்பாள்.

பென்னாகரம் பக்கம், ஆசிரியர்: ஆசிரியர் டியூஷன் எடுக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கே. அதோட பேச்சு முடிஞ்சதுதானே? ஆனா எங்க பக்கம் பிளஸ் டூ இயற்பியல் எடுக்க நான் ஒருத்தன்தான். நான் விட்டா பிள்ளைங்க எங்க போவாங்க?

சட்டம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு எந்த ஆசிரியரும் தனி டியூஷனில் ஈடுபடக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்விக்காக எழுதப்பட்டது. பிளஸ் டூ தனியார் பள்ளி ஆசிரியரையும் அது கட்டுமா என்று வக்கீல்கள்தான் சண்டை போட வேண்டும். நீங்கள் அரசுப் பள்ளி என்றால் நடத்தை விதிகளும் இருக்கின்றன, அங்கே என்னிடம் இடம் கேட்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. பள்ளியிலேயே, எல்லாருக்கும் திறந்து, காசில்லாமல் மாலை வகுப்பு எடுத்தால் சிக்கலில் முக்கால்வாசி போய்விடும். ஆனால் உங்கள் சம்பளத்தில் அதைச் செய்யுங்கள் என்று ஓய்வூதியம் இல்லாத நான் சொல்வது எளிதில்லை. கடைசி பஸ் ஆறு மணிக்கு என்றால் மலைப் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கும் தங்க முடியாது.

இன்னொரு ஏற்பாடு நானும் காரிமங்கலத்து நண்பர் ஒருவரும் இரண்டு வருஷம் ஓட்டினோம். என் வகுப்பின் பருவத் தேர்வுக்கு அவர் கேள்வித்தாள் எடுத்துத் திருத்தினார், அவர் வகுப்புக்கு நான். தேர்வுக்கு 90 தாள் வரை கை மாறும், பஸ்ஸில் கட்டிக் கொடுத்து அனுப்புவோம். எழுத்துத் தேர்வுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. செய்முறைக்கும் ஒப்படைப்புக்கும் கடைசிவரை வழி கிடைக்கவில்லை, அங்கே பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் மார்க் போட்டோம். மூன்றாம் வருஷம் நண்பருக்கு மாற்றல் வந்தது, நான் டியூஷனை விட்டேன். உங்கள் பக்கம் பாப்பாரப்பட்டியிலோ ஏரியூரிலோ இப்படித் தாள் மாற்றிக்கொள்ள ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.