ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் காம்போ: கலோரியை எப்படிக் கணக்குப் போடுவது?

"மேடம், எடை குறைக்கணும்னு சாப்பிடுறதை எல்லாம் ஆப்ல எழுதிட்டு வர்றேன். வாரத்துல ஒரு நாள் வேளச்சேரியில ஒரு சின்னக் கடையில வெஜ் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் காம்போவா பார்சல் வாங்குவேன். ஆப்ல தேடினா ஒண்ணு 400 கலோரின்னு காட்டுது, இன்னொண்ணு 1,200ன்னு காட்டுது. எதை எழுதுறது?"

இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆப்பில் இருப்பது யாரோ ஒருவர் தன் வீட்டு ஃப்ரைடு ரைஸுக்கோ ஏதோ ஒரு ஹோட்டல் பிளேட்டுக்கோ போட்டு வைத்த கணக்கு, உங்கள் டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வீட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும், காலித் தட்டை வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு சாதத்தைத் தனியாகவும் கோபியைத் தனியாகவும் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு உதாரணத்துக்கு சாதம் 300 கிராம், கோபி 130 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சாதம். அந்த 300 கிராமில் கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் சேர்த்து 40 கிராம் இருந்தால் அதிகம், அதற்கு 15 கலோரி. எண்ணெய் 25 கிராம் என்று எடுக்கலாம், கிராமுக்கு 9 கலோரி என்பதால் அதுவே 225. மீதி 235 கிராம் வெறும் சாதம், வடித்த வெள்ளைச் சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி, ஆக சுமார் 305. மொத்தம் 545. இதில் சாதமும் காய்கறியும் பெரிதாக மாறாது, எண்ணெய்தான் ஆளை ஏமாற்றும். அடுத்த தடவை கடையில் நிற்கும்போது மாஸ்டரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் ஒரு ஆர்டருக்கு மட்டும் 50 மில்லி குழிக்கரண்டி நிறைய எண்ணெய் விட்டால் அதுவே 400 கலோரியைத் தாண்டும். காம்போ சாதத்தைச் சாயங்காலமே மொத்தமாகக் கிளறி வைத்து அள்ளிப் போடுகிற கடை என்றால் எண்ணெய் பங்கு பிரிந்துவிடும், அப்போது என் 25 கிராம் கணக்கு ஓரளவு சரியாக வரும். கடை பாமாயில் ஊற்றுகிறதென்றால் இன்னொரு வழி இருக்கிறது: கொஞ்சம் சாதத்தை டப்பாவோடு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், காலையில் ஓரத்தில் வெள்ளையாக எவ்வளவு உறைந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

கோபிதான் வில்லங்கம். காலிஃபிளவர் 100 கிராமுக்கு 25 கலோரிதான், அதை நம்பி "காய்தானே" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரு துண்டை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பூ நிறைய இருந்து மேலே மெல்லிசாக மாவு ஒட்டியிருந்தால் உங்கள் 130 கிராமில் பூ 60, மைதாவும் கார்ன்ஃப்ளாரும் 25, பொரிக்கும்போது குடித்த எண்ணெய் 17, அப்புறம் சாஸில் வதக்க விட்ட எண்ணெய் 5, சாஸில் இருக்கும் சர்க்கரையும் மாவுமாக 8 கிராம், மீதி தண்ணீர் என்று வைக்கலாம். கூட்டினால் சுமார் 335 கலோரி, அதில் பூவின் பங்கு வெறும் 15. மாறாக, காம்பு ஒரு துணுக்கும் மீதியெல்லாம் மொத்தமான மாவுமாக இருந்தால் (விலை குறைந்த காம்போக்களில் இதுதான் சகஜம்) அதே 130 கிராம் 390 பக்கம் போகும், ஏனென்றால் மாவு கூடினால் அது பிடித்து வைக்கும் எண்ணெயும் கூடும். பாதி பொரித்து குவித்து வைத்து ஆர்டர் வந்ததும் மறுபடி எண்ணெயில் போடுகிற கடையிலும் கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள்.

ஆக 545உம் 335உம் சேர்த்து 880. நான் என்றால் 900 என்று எழுதுவேன், 750லிருந்து 1,000 வரை எங்கேயும் இருக்கலாம் என்று தெரிந்தே. வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இதைவிடத் துல்லியம் தேடி ஒரு பிரயோஜனமும் இல்லை. அஜினமோட்டோ பற்றியும் கவலைப்படாதீர்கள், கடையில் போடுகிற அளவுக்கு அதிலிருந்து கலோரி என்று சொல்லும்படி எதுவும் வராது.

குறைக்க வேண்டுமென்றால் சாதத்தில் 100 கிராம் எடுத்து வைத்தால் 180 கலோரி மிச்சம். கோபியில் பாதியை வீட்டில் யாருக்காவது கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே மிச்சம்தான், எது இல்லாமல் உங்களால் இருக்க முடியுமோ அதை விடுங்கள். மறுநாள் காலை எடை மெஷினில் ஒரு கிலோ கூடத் தெரிந்தால் பதறாதீர்கள், சோயா சாஸ் உப்பும் சாதமும் உடம்பில் பிடித்து வைத்த தண்ணீர்தான் பெரும்பாலும் அது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்து அந்த எடையை ஆப்பில் போடுங்கள்.