மச்சத்தை விடலாமா, எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவின் போட்டோவை டச்சப் செய்கிறேன். மச்சம், பழுப்புப் புள்ளிகள், சிரிப்புக் கோடுகள் எல்லாவற்றையும் எடுத்தால் வேறு யாரோ போல ஆகிவிடுகிறார். எதை விட வேண்டும், எதை எடுக்கலாம்?

நீங்கள் ஹீலிங் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், அதுவும் காசு வாங்கிக்கொண்டு.

60 வயதுப் பெண்மணி ஒருவரின் சிரித்த முகம். மேல் உதட்டுக்கு மேலே இடப்பக்கம் ஒரு மச்சம், மூக்கிலும் கன்னத்திலும் பழுப்புப் புள்ளிகள், கண்ணோரம் விசிறி போல் கோடுகள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவர் மகளிடம் காட்டினேன். அவர் சொன்னது: "அம்மா எதையோ அடக்கிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்குங்க."

அவர் சொன்னது சரி. சிரிக்கும்போது கன்னம் மேலேறும், கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் கண்ணோரக் கோடு. கன்னத்தை ஏறிய நிலையிலேயே விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் நான் அழித்திருந்தேன். உதடு சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை.

மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வெவ்வேறு வருடங்களில் எடுத்த மூன்று படங்களைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்றிலும் இருப்பது அவருடைய முகம், அதைத் தொடக்கூடாது. இந்தப் படத்தில் மட்டும் இருப்பது அன்றைய நாளின் தடயம், அதை எடுக்கலாம். தாடையில் இருந்த பரு போனது, கன்னத்தில் ஒட்டியிருந்த முடியும் போனது. மச்சம் அப்படியே நின்றது. ஒரு படத்தில் மச்சம் வலப்பக்கம் இருந்ததைப் பார்த்துக் குழம்பினேன். அது செல்ஃபி, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறியிருந்தது. ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள்.

பழுப்புப் புள்ளிகளில்தான் பலரும் தவறுகிறார்கள். நான்கைந்தை எடுத்துவிட்டு மீதியை விட்டால், மிஞ்சியவை அழுக்கு ஒட்டியது போலத் தெரியும். முதல் தடவை மூக்கில் இரண்டை மறந்துவிட்டு அதைக் கண்ணால் பார்த்தேன். அவை கூட்டமாக இருந்தால்தான் புள்ளிகள். அதனால் இரண்டாம் தடவை ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வெயிலில் அலைந்தால் அவை கருக்கும், மற்றப் படங்களில் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தன. அந்த அளவுக்கு மொத்தக் கூட்டத்தையும் ஒரே சீராக வெளுக்க வைத்தேன்.

மூக்கோரத்திலிருந்து வாய் நுனி வரை இறங்கும் கோட்டை, அதன் மேலேயே ஒரு வெற்று லேயர் போட்டு அதில் துடைத்தேன். பிறகு அந்த லேயரின் Opacity-யை 40-க்கு இறக்கினேன். கோட்டில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. பக்கவாட்டு விளக்கு அந்தப் பள்ளத்தில் கூடுதல் நிழலைப் போட்டிருந்தது. நான் குறைத்தது அந்த நிழலை மட்டும்தான். கண்ணோரக் கோடுகளைத் தொடவே இல்லை.

விளம்பரப் படம் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு "நாங்கள் எல்லாவற்றையும்தான் எடுக்கிறோம்" என்பார்கள். எடுங்கள். அங்கே பார்ப்பவருக்கு அந்தப் பெண் யாரென்று தெரியாது. இங்கே பார்க்கப்போவது 30 வருடமாக அவர் கூடவே இருப்பவர்கள். வயதை மறைக்க விரும்புவோரை நான் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்துக்கு உரியவர் கேட்டால் மச்சத்தையும் எடுப்பேன், ஆனால் அவரே கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. போனில் முகத்தை வழவழப்பாக்கும் வசதி ஓடுவது தெரியாமலே படம் எடுக்கிறார்கள். அதை மெசேஜில் அனுப்பும்போது இன்னும் சுருங்கிவிடுகிறது. என் கைக்கு வரும்போதே புள்ளிகள் இல்லை, கன்னம் மெழுகாக இருக்கிறது. கடைசியில் "முகத்தை மாத்திட்டீங்களே" என்ற பேச்சு எனக்கு வருகிறது. இல்லாத மச்சத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது? உங்கள் படமும் போனில் எடுத்தது என்றால், முதலில் மூலக் கோப்பைத் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லாமே குறையாகத்தான் தெரியும். சின்ன அளவில் ஆள் யாரென்று சட்டெனத் தெரிய வேண்டும்.

இந்தத் தடவை அந்த அம்மாவே வந்து பார்த்தார். மச்சத்தைப் பற்றியோ கோடுகளைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மூக்கின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க இருந்த தழும்பு எங்கப்பா?" என்றார். மூக்குக்கண்ணாடி அழுத்திய குழி. அன்று கண்ணாடியைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் தெரிந்த தடம் என்று நினைத்து அதையும் எடுத்திருந்தேன். வாங்கிய மூன்று படங்களிலும் அவர் கண்ணாடி போட்டிருந்தார், அதனால் குழி எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அதைத் தனி லேயரில் செய்திருந்தேன். அந்த லேயரை மூடியதும் குழி திரும்ப வந்தது, அவர் தலையாட்டினார்.