ஒற்றைத் தலைவலியும் உணவுக் குறிப்பேடும்: வாசகர் கேள்விகளுக்கு உணவியலாளர் பதில்கள்

குடியாத்தம் வாசகி: ஆறு வாரமாக உண்பதையெல்லாம் எழுதி வருகிறேன். முள்ளுக் கத்தரிக்காய் சாப்பிட்ட பிறகு மூன்று முறை தலைவலி வந்தது. அதை நிறுத்திவிடலாமா? காலை எட்டு மணிக்கு ஷூ கம்பெனியில் இருக்க வேண்டும்.

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கங்களை முழுவதும் படித்தேன். 42 நாட்களில் 9 நாட்கள் வலி வந்திருக்கிறது. கத்தரிக்காய் உண்ட 14 நாட்களில் 3 முறையும், உண்ணாத 28 நாட்களில் 6 முறையும் வந்திருப்பதால், உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு முறை என்ற அளவில்தான் அது வருகிறது. வலி வந்த நாட்களை மட்டும் புரட்டினால் எந்தக் காயும் குற்றவாளியாகத் தெரியும். உண்டும் வலிக்காத நாட்களையும் எண்ண வேண்டும். கத்தரிக்காயை நீங்கள் தாராளமாக உண்ணலாம்.

அதே பக்கங்களில் வேறொன்று தெரிகிறது. காலையில் ஒன்றும் உண்ணாமல் வேலைக்குச் சென்ற 10 நாட்களில் 6 முறை வலி. உண்டுவிட்டுச் சென்ற 32 நாட்களில் 3 முறைதான். முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டவர் மறுநாள் நண்பகலில்தான் அடுத்த வாய் உண்கிறீர்கள் என்றால் இடையில் பதினாறு மணி நேரம் வயிறு காலியாக இருக்கிறது. ஆயினும் காலை உணவைத் தவறவிட்ட நாட்கள் தூக்கம் குறைந்த நாட்களாகவும் இருந்திருக்கலாம் என்பதால், தூங்கிய நேரத்தையும் மாதவிலக்கு நாட்களையும் தனிக் கட்டங்களில் குறியுங்கள்.

அடுத்த நான்கு வாரங்களுக்கு வேறெதையும் மாற்றாமல் உணவு நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஏழு மணிக்குள் மூன்று இட்லியும் கடலைச் சட்னியும் போதும். அதற்கும் நேரமில்லாத நாளில் வாழைப்பழமும் வேகவைத்த வேர்க்கடலையும் பையில் இருக்கட்டும். பத்தரை மணி இடைவேளையில் சுண்டலும் மோரும், ஒரு மணிக்குச் சாப்பாடு, ஐந்து மணிக்குச் சிறிது பொரி, எட்டு மணிக்கு இரவு உணவு. வேலூர்ப் பக்கத்து வெயிலில் தண்ணீர் குறைவதும் வலியைக் கிளப்பக்கூடும் என்பதால் பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: சாக்லேட் தின்றால் மறுநாள் தலைவலி வருகிறது. இதற்குக் குறிப்பேடே தேவையில்லையே?

பதில்: இங்குதான் குறிப்பேடு அதிகம் தேவைப்படுகிறது. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்போ, ஓரிரு நாட்கள் முன்போ சிலருக்கு அடிக்கடி கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மீது அடங்காத ஆசை ஆகியவை தோன்றும். அப்படியானால் சாக்லேட்டைத் தேடியதே வலியின் முதல் அறிகுறியாக இருக்கலாம். தின்ற நேரத்தோடு, அப்போது கொட்டாவியோ கழுத்துப் பிடிப்போ இருந்ததா என்பதையும் எழுதுங்கள். ஆசையே இல்லாத, நன்றாகத் தூங்கி எழுந்த சில நாட்களில் சிறு துண்டு தின்று பாருங்கள். அப்போதும் வலி வந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கருத இடமுண்டு. இக்கேள்வி மருத்துவர்களிடையேயும் முழுமையாகத் தீர்ந்ததல்ல.

காட்பாடி வாசகர்: நான் தயிர், தக்காளி, கடலை, புளி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். வலி பாதியாகக் குறைந்தது. எல்லோரும் இப்படியே செய்யலாமே?

பதில்: விலக்கிப் பார்ப்பது சரியான வழிதான். நான்கையும் சேர்த்து விலக்கியதால் எது காரணம் என்று அறிய வழியில்லாமல் போயிற்று. மேலும், வலி மிகுந்த மாதத்தில்தான் மனிதர்கள் பத்தியம் தொடங்குகிறார்கள். அத்தகைய மாதத்துக்குப் பின் வலி தானாகவே தணிவதும் உண்டு. இரண்டு மூன்று வார இடைவெளியில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், முதலில் தயிரை. உங்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் இத்தலைவலி புதிதாகத் தொடங்கியது என்றால், பத்தியத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

ஆற்காடு வாசகர்: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் தலை வலிக்கிறது. டீயில் சர்க்கரையை நிறுத்தினால் சரியாகுமா?

பதில்: மற்ற நாட்களில் விடியற்காலை ஐந்தரைக்கு முதல் டீ, ஞாயிறன்று ஒன்பது மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையை விட, பழகிய நேரத்தில் டீ கிடைக்காததையே முதலில் ஐயப்படுவேன். ஞாயிறன்றும் அதே நேரத்தில் அரை டம்ளராவது குடித்துப் பாருங்கள். டீயைக் குறைக்க விரும்பினால் ஒரேயடியாக விடாமல் வாரத்துக்கு அரை டம்ளர் வீதம் குறைத்து வாருங்கள். நீங்கள் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், வலிக்கும்போது குளுக்கோமீட்டரில் சோதித்து அந்த எண்ணையும் எழுதுங்கள். உணவு நேரத்தை உங்கள் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

ஆம்பூர் வாசகி: வலி மாத்திரையையும் இதில் எழுத வேண்டுமா?

பதில்: கட்டாயம் எழுத வேண்டும். பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே மருத்துவர் எழுதித் தரும் டிரிப்டான் வகையை 10 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து சில மாதங்கள் எடுத்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும். அந்த எண்ணிக்கையை நெருங்கியவர்கள் உணவு மாற்றத்தில் பலனைத் தேடிக்கொண்டிராமல், குறிப்பேட்டை நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.