ஆப்பை அழித்தால் சந்தா அழியாது

"ஏற்காடு நாகலூரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். 24 நாளுக்கு முன்னால், இணைய இணைப்பை வேறு சர்வர் வழியாகப் பாதுகாப்பாக அனுப்பும் ஒரு வி.பி.என். சேவைக்கு 2 வருஷத் திட்டம் எடுத்தேன், மேலே 3 மாதம் இலவசம் என்றார்கள். வரியோடு 6,340 ரூபாய். அவர்கள் இணையதளத்திலேயே, சேலத்தில் இருக்கும் அப்பாவின் கிரெடிட் கார்டில் கட்டினேன். சாயங்கால மீட்டிங்கில் குரல் உடைந்து உடைந்து வருகிறது. போன வாரம் ஆப்பை அழித்துவிட்டேன். பணம் திரும்ப வருமா? அடுத்து எடுத்தால் எத்தனை மாதத்துக்கு எடுக்கலாம்?"

திரும்ப வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, இன்றைக்கே கேட்டால். இணையதளத்தில் நேரடியாக வாங்கிய நீண்ட காலத் திட்டங்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 30 நாள் பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் தருகின்றன. உங்களுக்கு வந்த ரசீது மின்னஞ்சலையும் அவர்களுடைய ரீஃபண்ட் விதிகளையும் திறந்து, உங்கள் திட்டத்துக்கும் அதே 30 நாள்தானா என்று முதலில் பாருங்கள். நாள் கணக்கு பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடுகிறது. ஆப்பை அழித்த தேதிக்கு அதில் வேலையே இல்லை.

ஆப்பை அழித்தது உங்கள் போனில் மட்டும் நடந்த சமாச்சாரம். நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் இன்னும் சந்தாதாரர். அங்கே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று பணத்தைத் திருப்பிக் கேட்பது, இன்னொன்று தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துவது. இவை தனித்தனி. கணக்குப் பக்கத்தில் `Cancel subscription` அல்லது `Turn off auto-renewal` என்று இருப்பதை அழுத்திவிட்டு, பணம் வந்துவிடும் என்று காத்திருந்து 30 நாளைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பொத்தான் அடுத்த முறை பணம் எடுப்பதைத்தான் நிறுத்தும். கட்டிய காலம் முடியும்வரை சேவை அப்படியே ஓடும், கட்டிய பணமும் அங்கேயே இருக்கும்.

பணத்துக்கு ஆதரவுப் பிரிவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இணையதளத்தில் உள்ள சாட்டில் கேளுங்கள், அதே விஷயத்தை மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி, ஆர்டர் எண், பணம் கட்டிய தேதி, முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரி, தானியங்கிப் புதுப்பித்தலையும் நிறுத்துங்கள் என்ற இன்னொரு வரி. இவ்வளவு போதும். சாட்டில் இருப்பவர் வேறு சர்வரை முயன்று பாருங்கள், மூன்று நாள் கழித்துச் சொல்லுங்கள் என்பார், அல்லது கூடுதலாகச் சில மாதம் இலவசமாகத் தருகிறேன் என்பார். முதல் வாரமாக இருந்தால் முயன்று பார்க்கச் சொல்வேன். 24-ஆம் நாளில் அந்த மூன்று நாளைக் கொடுக்காதீர்கள். "வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள்" என்று திரும்பவும் சொல்லி, டிக்கெட் எண் வாங்கி, உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பணம் கார்டுக்கு வந்து சேரும்வரை வி.பி.என். கணக்கையே நிரந்தரமாக அழித்துவிடாதீர்கள். கணக்கு இல்லாவிட்டால் ஆர்டரைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிடும். ஒப்புக்கொண்ட பிறகு பணம் வர ஏழு, பத்து வேலை நாள் ஆகலாம். வரும்போது வரியும் சேர்ந்து 6,340 வந்ததா என்று பாருங்கள். டாலரில் பிடித்திருந்தால், அன்றைய மாற்று விகிதத்தால் கொஞ்சம் குறையலாம், வங்கி எடுத்த அந்நியச் செலாவணிக் கட்டணமும் திரும்பாது.

ஆப் வழியாக வாங்கிய வாசகர்களுக்கு வழியே வேறு. ஐபோனில் கட்டியிருந்தால் பணம் ஆப்பிளிடம் போயிருக்கும், வி.பி.என். நிறுவனத்தால் திருப்ப முடியாது. `reportaproblem.apple.com` பக்கத்தில் கேட்க வேண்டும். கூகுள் ப்ளே என்றால் `play.google.com/store/account/subscriptions` பக்கத்தில் சந்தாவை நிறுத்தலாம். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைக் கூகுளிடமே கேட்பது எளிது.

இனி அப்பாவின் கார்டு. இந்த விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை இங்கேதான். முதல் முறை ஓ.டி.பி. போட்டபோது, தொடர்ந்து பணம் எடுக்கும் அனுமதியும், அதாவது இ-மேண்டேட்டும், சேர்ந்தே பதிவாகியிருக்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, அப்படிப் பதிவான அனுமதியில் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு அடுத்தடுத்த முறை ஓ.டி.பி. தேவையில்லை. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் ஒரு அறிவிப்பு வந்தால் போதும். அந்த அறிவிப்பு கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். சேலத்தில் இருக்கும் அப்பாவின் போனில் ஆங்கிலத்தில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸை நாகலூரில் இருக்கும் நீங்கள் பார்க்கப் போவதில்லை.

எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும் பாருங்கள். 6,340-இல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 5,373. அதை 27 மாதத்தால் வகுத்தால் மாதம் 199. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிந்ததும் அதுதான். அது முதல் தவணைக்கான விலை. புதுப்பிக்கும் விலை சிறிய எழுத்தில் வேறாக இருக்கும், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு. உதாரணமாக அது மாதம் 799 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்கு 9,588, வரியோடு 11,314. பதினைந்தாயிரத்துக்குள் அடங்கிவிடுவதால் ஓ.டி.பி. கேட்காமலே போய்விடும். பல நிறுவனங்களின் விதிகளில் பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் முதல் முறை வாங்குவதற்கு மட்டும்தான், புதுப்பித்தலுக்கு இல்லை. சில இடங்களில் திட்டம் முடியும் நாளுக்குச் சில நாள் முன்னாலேயே பணம் எடுத்துவிடுவார்கள். அதனால் திட்டம் முடியும் தேதியை நம்பாமல், `Billing` பக்கத்தில் அடுத்து பணம் எடுக்கும் தேதியைப் பாருங்கள். கூடவே ஆன்டிவைரஸ், பாஸ்வேர்டு மேனேஜர் என்று ஒட்டிக்கொண்டவை இருந்தால் அவற்றுக்குத் தனிப் புதுப்பித்தல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆகவே நிறுவனத்திடம் நிறுத்தி, அதற்கான மின்னஞ்சல் வந்தபின், அப்பாவின் நெட்பேங்கிங்கில் இ-மேண்டேட் பட்டியலைத் திறந்து அந்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள். யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அந்த ஆப்பின் ஆட்டோபே பகுதியில் செய்யலாம். நிறுத்தியும் பணம் எடுத்தால், நிறுத்தியதற்கான மின்னஞ்சலோடு வங்கியில் உடனே டிஸ்ப்யூட் போடுங்கள். சந்தாவை நிறுத்தவிடாமல் சுற்றலில் விடுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தவறான நடைமுறை என்றே சொல்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத நிறுவனத்தை அந்த வழியில் பிடிப்பது சிரமம், வங்கி வழிதான் சீக்கிரம் பலன் தரும்.

அடுத்த திட்டத்தின் நீளத்துக்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும். மாதத் திட்டம் வரியோடு 1,180 என்றால், 6,340-ஐ அதால் வகுக்க ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஐந்து மாதத்துக்குள் தேவை முடிந்துவிடும் என்றால் மாதத் திட்டமே லாபம். அதற்கு மேல் என்றால் நீண்ட திட்டம் லாபம். நான் ஒரு வருஷத்தோடு நிற்கச் சொல்வேன். இரண்டு வருஷத்தில் உங்கள் வேலையும் மாறலாம், அந்த நிறுவனமும் வேறு கைக்குப் போகலாம். எதை எடுத்தாலும் பணம் கட்டிய அன்று மாலையே தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுங்கள், கட்டிய காலத்துக்குச் சேவை குறையாது. பணத்தைத் திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்று 30 நாளுக்குள் முடிவெடுக்க, 20-ஆம் நாளுக்குப் போனில் அலாரம் வையுங்கள்.

வாங்குவதற்கு முன்னால், வி.பி.என். எதுவும் இல்லாமல் அதே இணைப்பில் இரவு ஏழு மணிக்கு ஒரு வீடியோ அழைப்பு போட்டுப் பாருங்கள். அப்போதும் குரல் உடைந்தால் கோளாறு உங்கள் இணைப்பில்தான், எந்த வி.பி.என்.னும் அதைச் சரிசெய்யாது.