4 கெல்வினில் தாமிரம்: கணக்கில் விடுபட்ட பாதி

கேள்வி: அறை வெப்பநிலையில் தாமிரத்தின் வெப்ப ஏற்புத்திறன் மோலுக்குச் சுமார் 24.5 ஜூல். குளிரக் குளிர அது பூஜ்யத்தை நெருங்குவது ஏன்? அணுக்கள் அசையாமல் நின்றுவிடுவதால் என்கிறது நோட்ஸ். 4 கெல்வினுக்கு டிபை சூத்திரத்தில் 3.1 மில்லி ஜூல் வருகிறது, அளவீடோ 5.8-ஐ ஒட்டி இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கணக்கு சரி, நோட்ஸ்தான் தவறு. தனிச்சுழி வெப்பநிலையிலும் அணுக்களின் அதிர்வு முழுதாக நிற்பதில்லை. நாம் அளப்பது, படிகத்தில் எவ்வளவு அசைவு இருக்கிறது என்பதை அல்ல. ஒரு டிகிரி கூட்டினால் அது எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொள்கிறது என்பதை.

படிகத்தின் அதிர்வு அலை ஆற்றலைத் துணுக்குகளாக மட்டுமே வாங்கும். அந்தத் துணுக்குதான் ஃபோனான். தாமிரத்தில் மிக வேகமான அதிர்வுகளுக்கு ஒரு துணுக்கின் விலை ஏறத்தாழ 343 கெல்வினுக்கு ஈடானது. 4 கெல்வினில் கிடைப்பதோ அதில் 86-ல் ஒரு பங்கு. ஆகவே அந்த அதிர்வுகள் எதையும் வாங்குவதில்லை.

அப்படியானால் ஏற்புத்திறன் சட்டென்று செத்துப்போக வேண்டுமே? எல்லா அணுவுக்கும் ஒரே அதிர்வெண் என்று வைத்த ஐன்ஸ்டைனின் 1907 மாதிரி அப்படித்தான் சொன்னது. டிபை 1912-ல் நீண்ட அலைகளையும் கணக்கில் சேர்த்தார். அவற்றின் துணுக்கு மலிவு. வெப்பநிலையைப் பாதியாக்கினால், வாங்க முடிந்த அலைகள் எட்டில் ஒன்றாகின்றன (திசைகள் மூன்று அல்லவா). ஒவ்வொன்றிலும் உள்ள ஆற்றல் பாதியாகிறது. மொத்த ஆற்றல் பதினாறில் ஒன்று, ஏற்புத்திறன் எட்டில் ஒன்று. T³ விதி இவ்வளவுதான். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குத் தொகையீட்டை ஒப்பிக்கச் சொல்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

இனி விடுபட்ட பாதி. தாமிரம் உலோகம், அதன் கட்டற்ற எலக்ட்ரான்களும் வெப்பம் வாங்கும். ஆனால் ஏற்புத்திறனில் அவற்றின் பங்கு வெப்பநிலை T-க்கு நேர்விகிதத்தில்தான் குறையும். அறை வெப்பநிலையில் கண்ணுக்கே தெரியாத இந்தப் பங்கு, ஃபோனான் பங்கு வேகமாகச் சரிந்ததும் தலை தூக்குகிறது. கெல்வினுக்கு 0.695 மில்லி ஜூல் வீதம், 4 கெல்வினில் 2.8. உங்கள் 3.1-உடன் கூட்டினால் 5.9, அளவீட்டுக்குப் போதுமான நெருக்கம். 1 கெல்வினில் ஃபோனான் பங்கு வெறும் 0.05, எலக்ட்ரானுடையது 0.7. விற்பனைக்கு வரும் விடைக் குறிப்புகள் ‘திண்மங்களுக்கு T³’ என்று ஒரே வரியில் முடித்து மாணவர்களைக் கவிழ்ப்பது இங்கேதான்.

அளவீட்டை இப்படிச் சோதியுங்கள்:

C/T = γ + βT²

கிடை அச்சில் T², நெடு அச்சில் C/T. நேர்கோடு வர வேண்டும். அது நெடு அச்சை வெட்டும் இடம் எலக்ட்ரான் பங்கு γ; சாய்வு β ஃபோனானுடையது, அதிலிருந்து β = 1944/θ³ வழியாக (β ஜூலில்) டிபை வெப்பநிலை θ, அதாவது தாமிரத்துக்கு மேலே சொன்ன 343 கெல்வின், கிடைக்கும். மின்கடத்தாப் படிகமென்றால் கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போகும்.

கோடு மேல்முனையில் வளைந்தால் அந்தப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். θ-வில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழேதான், அதாவது தாமிரத்துக்கு 7 கெல்வினுக்குக் கீழேதான், T³ நம்பகமானது. 100 கெல்வினுக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் 48 ஜூல் வரும். உண்மையில் அங்கே 16 தான்.