விற்பனை கூடியும் லாபம் குறைந்தது ஏன்?

கேள்வி: கரூரில் 40 பேர் உட்காரும் சைவ உணவகம் வைத்திருக்கிறேன். இந்த வருடம்தான் முதல்முறையாக மாத பட்ஜெட் போட்டேன். போன மாதம் 6 லட்சம் விற்பனை, 90,000 லாபம் என்று எழுதியிருந்தேன். விற்பனை 6,60,000 வந்தது. ஆனால் லாபம் 50,000தான் நிற்கிறது. வாடகை தவிர எல்லாச் செலவும் பட்ஜெட்டைத் தாண்டியிருக்கிறது. எதை முதலில் பிடிப்பது என்றே தெரியவில்லை.

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்குத் தாள்களையும் பில் விவரங்களையும் பார்த்தேன். முதலில் லாபத்தையே திருத்த வேண்டும். மளிகை, காய்கறி, பால் என்று 2,63,400 எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் வாங்கிய தொகை, செலவான தொகை அல்ல. மாதத் தொடக்கத்தில் 38,000 ரூபாய்க்கு இருந்த சரக்கு மாதக் கடைசியில் 44,000 ஆகியிருக்கிறது. கூடுதலான 6,000 ரூபாய்ச் சரக்கு ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே உண்மையில் செலவானது 2,57,400, லாபம் 56,000. மாதக் கடைசி இரவு சரக்கை எடைபோட்டு எழுதாவிட்டால் இந்த வேலை முழுவதுமே வீண்.

அடுத்து, 6 லட்சத்துக்குப் போட்ட பட்ஜெட்டை 6,60,000 விற்பனையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. கூடுதலாகச் சமைத்தால் கூடுதல் அரிசி போகத்தான் செய்யும், அது தவறே இல்லை. அதனால் விற்பனையோடு சேர்ந்து ஏறும் செலவுகளை மட்டும் 10% ஏற்றி, வாடகை, சம்பளம் போன்றவற்றை அப்படியே விட்டு, பட்ஜெட்டை ஒருமுறை மாற்றி எழுத வேண்டும். காஸ் ஏறும், மின்சாரம் பெரிதாக ஏறாது என்று எடுத்திருக்கிறேன். உங்கள் கணக்கு இப்படி வருகிறது:

| தலைப்பு | பட்ஜெட் | 6.6 லட்சத்துக்கு ஏற்றது | நடந்தது | இடைவெளி |
|---|---|---|---|---|
| விற்பனை | 6,00,000 | 6,60,000 | 6,60,000 | – |
| சரக்கு | 2,10,000 | 2,31,000 | 2,57,400 | 26,400 |
| சம்பளம் | 1,35,000 | 1,35,000 | 1,44,000 | 9,000 |
| வாடகை | 45,000 | 45,000 | 45,000 | 0 |
| காஸ், மின்சாரம் | 48,000 | 51,000 | 55,000 | 4,000 |
| ஆன்லைன் கமிஷன் | 22,000 | 24,200 | 52,000 | 27,800 |
| இதர செலவு | 50,000 | 50,000 | 50,600 | 600 |
| லாபம் | 90,000 | 1,23,800 | 56,000 | 67,800 |

இந்த விற்பனைக்கு நீங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டிய லாபம் 1,23,800. ஆக, விளக்கம் தேட வேண்டிய தொகை 67,800. அதில் சரக்கும் கமிஷனும் மட்டுமே 54,200. இதர செலவின் 600 ரூபாய்க்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். காஸில் தெரியும் 4,000 ரூபாயும் நஷ்டம் இல்லை. மாதக் கடைசியில் நிரப்பி வைத்த இரண்டு சிலிண்டர்கள் தொடாமல் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றையும் சரக்கு இருப்போடு சேர்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தையும் மாதத்துக்குப் பாதியாகப் பிரித்தே எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் மோசமாகவும் அடுத்த மாதம் பிரமாதமாகவும் தெரியும்.

சரக்கில் உள்ள 26,400ஐப் பிரிப்போம். இதில் 4,800 ரூபாய் சாப்பாட்டுப் பொருளே இல்லை. பார்சல் டப்பாக்களையும் கவர்களையும் மளிகை பில்லிலேயே வாங்கியிருக்கிறீர்கள், எதிர்பார்த்ததைவிட 400 ஆர்டர் கூடுதலாகப் போயிருக்கிறது. பேக்கிங்குக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். மீதியில் எவ்வளவு விலை ஏறியதால் வந்தது, எவ்வளவு அளவு கூடியதால் வந்தது என்று பார்க்க வேண்டும். எண்ணெயை எடுத்துக்கொள்வோம். லிட்டர் 125 என்று பட்ஜெட் போட்டீர்கள், வாங்கியது 140. விற்ற பூரி, வடை, தோசைக் கணக்குப்படி 150 லிட்டர் போதும், போனது 180. விலையால் வந்த வித்தியாசம் 180 லிட்டருக்கு 15 ரூபாய் வீதம் 2,700. அளவால் வந்தது, கூடுதலான 30 லிட்டருக்குப் பட்ஜெட் விலையில், 3,750. இதேபோல் தக்காளியில் 5,500, தேங்காயில் 3,600 விலை ஏறியதால் வந்திருக்கிறது. ஆக, சந்தை விலை மட்டும் எடுத்துக்கொண்டது 11,800.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், இரண்டுக்கும் பொறுப்பு வேறு வேறு ஆள் என்பதுதான். தக்காளி விலை ஏறியதற்கு மாஸ்டரைக் கேட்டுப் பயனில்லை. அது நீங்கள் எந்தக் கடையில், எந்த நாளில் வாங்குகிறீர்கள், மெனு விலையை எப்போது திருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்த விஷயம். அளவு கூடியதற்குப் பதில் அடுப்படியில் இருக்கிறது. 30 லிட்டர் எண்ணெய் எங்கே போனது என்று அறிய, ஒரு வாரம் காலையில் கடாயில் ஊற்றியது, நடுவில் சேர்த்தது, இரவு மிச்சம், கொட்டியது என நான்கையும் எழுதச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காயும்போது உருவாகும் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதி. பெரும்பாலும் சிறிய கடாயில் வடையும் பெரிய கடாயில் பூரியும் என்று மாற்றினாலே கொட்டும் அளவு குறையும்.

பாலில் நீங்கள் எழுப்பிய சந்தேகத்துக்கு வருகிறேன். ஒரு லிட்டரில் 11 காபி போடுகிறீர்கள். 300 லிட்டர் பால் போயிருக்கிறது. 3,300 காபி பில்லாகியிருக்க வேண்டும், ஆனது 2,780. கல்லாவில் இருப்பவர் 520 காபியை பில் போடாமல் விட்டார் என்று நினைக்கிறீர்கள். தயவுசெய்து அவரிடம் பேசுவதற்கு முன் இதைப் பாருங்கள்: உங்களிடம் 8 பேர் வேலை செய்கிறார்கள், நாளுக்கு இரண்டு காபி குடித்தால் 30 நாளில் 480. மீதி 40 காபி, சிந்தியதும் திரிந்ததும் சேர்த்தால் பெரிய விஷயமில்லை. இங்கே தவறு பட்ஜெட்டில். ஊழியர் காபிக்கும் சாப்பாட்டுக்கும் அதில் இடமே இல்லை. அந்த 44 லிட்டர் பால், சுமார் 2,200 ரூபாய், ஊழியர் செலவில் போக வேண்டியது. அளவில் வரும் இடைவெளி எங்கே தேட வேண்டும் என்று மட்டும்தான் காட்டும். யாரையும் திருடன் என்று அது சொல்லாது.

சரக்கு இடைவெளியில் மீதி பெரும்பாலும் அரிசி. அளவில்லாச் சாப்பாட்டுக்கு 200 கிராம் என்று வைத்தீர்கள், 2,400 சாப்பாட்டுக்கு 480 கிலோ. போனது 545. இலையில் மிஞ்சுகிறதா, பாத்திரத்தில் மிஞ்சுகிறதா என்று மூன்று மதியம் எடைபோட்டுப் பாருங்கள். பாத்திரத்தில் மிஞ்சினால் இரண்டு மணிக்கு மேல் வடிக்கும் கடைசி உலையைச் சிறிதாக்கலாம். இலையில் மிஞ்சினால் பரிமாறும் முறையை மாற்ற வேண்டும்.

இப்போது கமிஷன். என்னைப் பொறுத்தவரை உங்கள் கணக்கில் மிக முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. 27,800ல் 8,000 ரூபாய் வெறும் கணக்குப் பிழை. ஆன்லைன் ஆர்டர் தளம் எடுப்பது 22% என்று எழுதினீர்கள். அந்தக் கமிஷன் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு, ஆக உண்மையில் போவது கிட்டத்தட்ட 26%. நீங்கள் 5% ஜிஎஸ்டியில் இருப்பதால் கட்டிய அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. அடுத்த மாதத்திலிருந்து 26% என்றே எழுதுங்கள்.

மிச்சம் 19,800, ஆன்லைன் விற்பனை நினைத்ததைவிட அதிகமாகப் போனதால் வந்தது. 1 லட்சம் எதிர்பார்த்தீர்கள், 2 லட்சம் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தம் 6,60,000 என்றால் ஹாலில் 4,60,000தான். அங்கே நீங்கள் எதிர்பார்த்தது 5,00,000. விற்பனை என்று ஒரே வரியில் எழுதியதால் ஹாலில் 40,000 குறைந்தது கண்ணில் படவே இல்லை.

இதன் விலையைப் பாருங்கள். ஹாலில் 100 ரூபாய்க்கு விற்றால் சரக்கு 35 போக 65 நிற்கிறது. ஆன்லைனில் சரக்கு 35, கமிஷன் 26, பேக்கிங் 5 போக 34 நிற்கிறது. கூடுதல் ஒரு லட்சம் ஆன்லைன் விற்பனை 34,000 தந்தது. ஹாலில் குறைந்த 40,000 கொண்டுபோனது 26,000. நிகரம் 8,000. பார்சல் கட்டுவதற்கென்று எடுத்த ஆளின் சம்பளம் 9,000. ஆக, அத்தனை ஓட்டத்துக்குப் பின் கையில் 1,000 குறைந்திருக்கிறது.

ஆன்லைன்தான் ஹாலைக் குறைத்தது என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் நேரவாரியாக பில் எண்ணிக்கை கேட்டேன். காலையும் இரவும் ஹால் பில்கள் பழையபடியே இருக்கின்றன. குறைந்தது மதியம் 12.30 முதல் 2.30 வரை மட்டும். பார்சல் ஆர்டர்கள் குவிவதும் அதே நேரம். மாஸ்டர் பார்சலைக் கவனிக்கும்போது மேஜையில் காத்திருப்பவர் எழுந்து போகிறார் என்பது வலுவான சந்தேகம். பக்கத்தில் புதுக் கடை ஏதும் வந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சந்தேகத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு வாரம், மதியம் 12.45 முதல் 1.45 வரை ஆன்லைன் ஆர்டரை நிறுத்தி வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் ஹால் பில்களைத் தினமும் தனியாக எழுதுங்கள். பில்கள் ஏறினால் அந்த நேரத்தை ஹாலுக்கே விட்டுவிட்டு, காலையிலும் இரவிலும் ஆன்லைனை வளர்க்கலாம். அப்போது பார்சலுக்கு முழுநேர ஆள் தேவையா என்பதும் தெரியும். ஏறவில்லை என்றால் ஆன்லைனைத் திரும்பத் திறந்துவிட்டு, அதற்கான மெனு விலையை உயர்த்துவதைப் பற்றி யோசியுங்கள். ஹாலில் 100க்கு விற்பதை ஆன்லைனில் 120க்கு விற்றால், கமிஷன் 31 ரூபாயாகக் கூடினாலும், 34 நின்ற இடத்தில் 49 நிற்கும். ஆர்டர் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொண்டே, முதலில் சில அயிட்டங்களில் மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

அடுத்த மாதத் தாளில் ஹால் விற்பனைக்கு ஒரு வரி, ஆன்லைனுக்கு ஒரு வரி வேண்டும். ஆன்லைனுக்கு வங்கியில் வந்த தொகையை எழுதாதீர்கள், அது கமிஷன் கழித்து வருவது. ஜிஎஸ்டி நீங்கலான முழு ஆர்டர் தொகையை விற்பனையிலும், பிடித்ததைச் செலவிலும் எழுதுங்கள். தக்காளி, தேங்காய் விலையை இன்றைய நிலவரத்துக்குத் திருத்தலாம். ஆனால் வருடத் தொடக்கத்தில் போட்ட பட்ஜெட்டை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். வருடக் கடைசியில் எந்தக் கணிப்பு எவ்வளவு தவறியது என்பது அதில்தான் தெரியும்.