கிரியேட்டினின் பாதிப் பேருக்கு இல்லை: இண்டிகேட்டர் போடுவதா, நிரப்புவதா?

கேள்வி: மருத்துவமனைப் பதிவுகளை வைத்து, ஒரு ரத்த அழுத்த மருந்தின் அளவு ஓராண்டு கழித்து சிஸ்டாலிக் அளவை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியேட்டினினையும் மாடலில் சேர்க்க வேண்டும், ஆனால் பாதி வரிசைகளில் அது இல்லை. காலியிடத்தில் 0 போட்டு, "இல்லை" என்று ஒரு இண்டிகேட்டர் நெடுவரிசை சேர்த்தால் போதுமா? இல்லை, விடுபட்ட எண்களை ஊகித்து நிரப்பும் இம்ப்யூட்டேஷன்தான் செய்ய வேண்டுமா?

பதில்:

உங்களுக்கு வேண்டியது மருந்தின் கெழு, அதாவது மருந்தளவு ஓர் அலகு கூடினால் சிஸ்டாலிக் எவ்வளவு மாறும் என்ற எண். அதனால் இண்டிகேட்டர் வேண்டாம். விடுபட்டது முழுக்கத் தற்செயலாக, நாணயம் சுண்டிப் போட்டதுபோல நடந்திருந்தாலும் வேண்டாம். பலர் இங்கேதான் தவறாக நினைக்கிறார்கள். தற்செயலாக விடுபட்டால் எந்த முறையும் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது இந்த முறைக்குப் பொருந்தாது.

காரணம் எளிது. கிரியேட்டினினை மாடலில் சேர்ப்பதே, சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு மருந்தின் அளவு வேறாக இருக்கும், அவர்களுடைய ரத்த அழுத்தமும் வேறாக இருக்கும் என்பதால்தான். அந்தக் கலப்பைப் பிரிப்பதுதான் அதன் வேலை. காலியிடத்தில் 0 போட்ட வரிசைகளில் எல்லாருக்கும் ஒரே எண்தான், ஆகவே அங்கே அது எதையும் பிரிக்காது. அந்தப் பாதியில் மருந்தின் கெழு திருத்தப்படாமலே வருகிறது. மாடல் இரண்டு பாதிகளுக்கும் சேர்த்து ஒரே கெழுவைத் தேடுவதால், திருத்திய எண்ணும் திருத்தாத எண்ணும் கலந்த ஒன்றைத் தருகிறது. இண்டிகேட்டர் இரண்டு பாதிகளின் சராசரி வித்தியாசத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், சாய்வைத் தொடாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மருந்தளவையும் கிரியேட்டினினையும் சராசரி 0, விலக்கம் 1 என்ற அலகில் வைப்போம். மருந்தின் உண்மையான கெழு 1, கிரியேட்டினினுடையது 2, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.5. பாதி வரிசைகளில் கிரியேட்டினினைத் தற்செயலாக மறைக்கிறோம். (கெழுக்களின் குறியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வைத்தது.)

```r
set.seed(1); n <- 1e5
creat <- rnorm(n)
dose  <- 0.5*creat + sqrt(0.75)*rnorm(n)
sbp   <- dose + 2*creat + rnorm(n)
miss  <- rbinom(n, 1, 0.5)
c0 <- ifelse(miss == 1, 0, creat)
coef(lm(sbp ~ dose + c0 + miss))
```

மருந்தின் கெழு 1 வர வேண்டிய இடத்தில் சுமார் 1.57 வரும். கிரியேட்டினினைச் சேர்க்காமலே ஓட்டினால் 2 வரும். நாம் பெற்றது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதுவும் தவறான எண் பக்கமே சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கிறது. விடுபட்ட வரிசைகளில் மருந்தளவின் சிதறல் முழுதாக 1, மற்ற பாதியில் கிரியேட்டினின் விளக்கியது போக மீதி 0.75 என்பதால் அந்தச் சாய்வு. வரிசைகளை இன்னும் சேர்த்துக்கொண்டே போனாலும் இந்த 1.57 குறையாது.

சரி, இம்ப்யூட்டேஷன் செய்தால் தப்பித்துவிடலாமா? செய்கிற விதத்தைப் பொறுத்தது. மருந்தளவை மட்டும் வைத்துக் கிரியேட்டினினை ஊகித்து, கூடவே தற்செயல் சிதறலையும் சேர்த்து நிரப்பினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

```r
f <- lm(creat ~ dose, subset = miss == 0)
c1 <- ifelse(miss == 1,
  predict(f, data.frame(dose, sbp)) + rnorm(n, sd = sigma(f)), creat)
coef(lm(sbp ~ dose + c1))
```

மருந்துக்கு 1.5, கிரியேட்டினினுக்கு 1. அதாவது கிரியேட்டினினின் கெழு பாதியாகக் குறைந்துவிட்டது. நிரப்பிய எண்களுக்கு மருந்தளவோடு சரியான உறவு இருக்கிறது, ஆனால் மருந்தளவைத் தாண்டி, சிஸ்டாலிக் அளவான `sbp`-யோடு ஓர் உறவும் இல்லை. நாமே அதை அறுத்துவிட்டோம். முதல் வரியில் `creat ~ dose` என்பதை `creat ~ dose + sbp` என்று மாற்றி ஓட்டுங்கள்: 1, 2 என்று சரியாக வந்துவிடும்.

விளைவை வைத்தே காரணியை நிரப்புவது ஏமாற்று வேலை போலத் தோன்றும், நிறையப் பேர் கூசுகிறார்கள். ஆனால் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் பிரிட்டனில் 2007-ல் வெளியான கியூரிஸ்க் இதயநோய்க் கணிப்பு மாடல். கொலஸ்ட்ரால் அளவு பெரும்பாலோருக்கு இல்லாததால் நிரப்பினார்கள். முதலில் வெளியிட்ட முடிவில் கொலஸ்ட்ரால் விகிதத்துக்கும் இதயநோய்க்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்று வந்தது! முழுத் தகவல் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. நிரப்பும்போது நோய் வந்ததா இல்லையா என்பதைச் சேர்க்காததுதான் கோளாறாகச் சுட்டப்பட்டது. முறையைத் திருத்தியபின் தொடர்பு திரும்பி வந்தது. முழு வரிசைகளின் கெழுவையும் நிரப்பியபின் வரும் கெழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இதற்காகவே வேண்டும். இரண்டும் வெகுவாக விலகினால், ஏன் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும்.

மேலே உள்ளது ஒரே ஒருமுறை நிரப்பியது. உங்கள் வேலைக்கு R-இன் `mice` தொகுப்பு போன்ற ஒன்றில் பலமுறை நிரப்பிச் சேர்த்தால்தான் திட்டப்பிழை நேர்மையாக வரும். ஒருமுறை மட்டும் நிரப்பினால், ஊகித்த எண்களையும் அளந்த எண்களாகவே மாடல் எடுத்துக்கொள்ளும்.

இம்ப்யூட்டேஷனுக்கும் தன் பலவீனம் உண்டு. விடுபட்டதற்கான காரணம் உங்களிடம் உள்ள மற்ற நெடுவரிசைகளில் தெரிகிறது என்று அது நம்புகிறது. உங்கள் பதிவுகளில் கிரியேட்டினின் ஏன் இல்லை? பெரும்பாலும், ஆள் நன்றாக இருப்பதாகத் தோன்றியதால் மருத்துவர் பரிசோதனை எழுதவில்லை. அந்தத் தோற்றம் வயதிலும் சர்க்கரை நோயிலும் பாதிதான் பதிவாகியிருக்கும். அப்போது சோதனை செய்யப்பட்டவர்களைப் பார்த்துக் கற்ற மாடல், செய்யப்படாதவர்களுக்கு உண்மையைவிட அதிகமான கிரியேட்டினினை நிரப்பும். வயது, சர்க்கரை நோய், முன்பு மருத்துவமனையில் சேர்ந்தது, எந்தப் பிரிவு என்று கிடைப்பதையெல்லாம் நிரப்பும் மாடலில் சேர்த்தால் இது குறையும், முழுக்கப் போகாது. நிரப்பிய எண்களை எல்லாம் 10%, 20% குறைத்து மறுபடி ஓட்டி, மருந்தின் கெழு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: விடுபடுவது கிரியேட்டினினின் உண்மையான அளவைச் சார்ந்திருந்து, சிஸ்டாலிக்கைத் தனியாகச் சாராமல் இருந்தால், முழு வரிசைகளை மட்டும் வைத்து ஓட்டுவதே சரியான கெழுவைத் தரும், இம்ப்யூட்டேஷன் தராது. ஆளைக் குறைத்துவிடும் என்று அந்தப் பழைய முறையை எல்லாரும் திட்டுகிறார்கள், இங்கே அது ஜெயிக்கிறது.

அப்படியானால் இண்டிகேட்டர் எங்கேதான் பொருந்தும்? மருந்தளவு குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்ட சோதனை என்றால், தொடக்கத்தில் எடுத்த கிரியேட்டினினுக்கு அது தாராளமாகப் போதும். மருந்துக்கும் கிரியேட்டினினுக்கும் ஒட்டுறவு 0 என்பதால் திருத்தாத பாதியும் சரியான எண்ணையே தரும். மேலே உள்ள நிரலில் 0.5-ஐ 0 ஆக்கி, `sqrt(0.75)`-ஐ 1 ஆக்கி ஓட்டினால் தெரியும். இன்னொரு இடம் வெறும் கணிப்பு. யாருக்கு அழுத்தம் ஏறும் என்று சொன்னால் போதும், கெழுவுக்குப் பொருள் வேண்டாம் என்றால், மருத்துவர் சோதனை எழுதாததே ஒரு தகவல். அதை வீசியெறிய வேண்டியதில்லை. அதோடு, புதிதாக வரும் நோயாளிக்கு விளைவு இன்னும் தெரியாது என்பதால், விளைவைச் சேர்த்து நிரப்பும் வழி அங்கே கிடையாது. ஆனால் நாளை அந்த மருத்துவமனை வருகிற எல்லாருக்கும் கிரியேட்டினின் கட்டாயம் என்று ஆக்கினால், "இல்லை" என்பதன் பொருளே மாறிவிடும், மாடல் சத்தமில்லாமல் பிசகும். விடுபடும் விகிதத்தை மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தால் இதை முன்பே பிடிக்கலாம்.

உங்கள் தரவில் இண்டிகேட்டர் எவ்வளவு கெடுக்கும் என்று அறிய `lm(sbp ~ dose*miss + c0)` ஓட்டிப் பாருங்கள். `dose:miss` கெழு 0-க்கு அருகில் இருந்தால் இரண்டு பாதிகளும் ஒத்துப்போகின்றன. என் உதாரணத்தில் அது 1 வரும்.